ஷார்ட் செல்லிங்கில் கணக்கில் இல்லாத பணம் எப்படிப் போகிறது?

*கேள்வி: ஒரு பங்கை வாங்கினால் அதிகபட்சம் போட்ட பணம்தான் போகும். ஷார்ட் அடித்தால் போட்டதைவிடப் பல மடங்கு போகும் என்கிறார்கள். என் கணக்கில் இருப்பதே 50,000 ரூபாய். இல்லாத பணம் எப்படிங்க போகும்? ஸ்டாப் லாஸ் போட்டால் தப்பிக்க முடியாதா?*

ஷார்ட் அடிப்பது என்றால் கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது. அடித்த நிமிடத்தில் நீங்கள் கடன்காரர் ஆகிவிடுகிறீர்கள். அந்தக் கடன் ரூபாயில் இல்லை, பங்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் 10 பவுன் சங்கிலியை இரவல் வாங்குகிறீர்கள். பவுன் விலை இறங்கப்போகிறது என்று நம்பி அதை விற்றுப் பணத்தைப் பெட்டியில் வைக்கிறீர்கள். விலை இறங்கினால் குறைந்த காசுக்கு 10 பவுன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஏறிவிட்டால்? ‘விற்ற அன்றைக்கு என்ன விலையோ அதைத் தருகிறேன்’ என்று சொன்னால் அக்கா விடமாட்டார். அவருக்கு 10 பவுன் வர வேண்டும். அது என்ன விலையாக இருந்தாலும் வாங்கிக் கொடுப்பது உங்கள் பாடு. பவுன் விலைக்கு மேலே கூரை ஏதும் கிடையாது என்பதால் உங்கள் நஷ்டத்துக்கும் கூரை கிடையாது. ஆனால் தரை உண்டு. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, ஆகவே லாபம் எவ்வளவு வந்தாலும் விற்ற தொகையைத் தாண்டாது.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். ‘கூரை இல்லை’ என்று கேட்டதும் பலர், அதெல்லாம் ஏட்டுக் கணக்கு, நடுவில் புரோக்கர் சும்மா இருப்பாரா, பணம் தீர்வதற்குள் பங்கை வாங்கித் திருப்பிக் கொடுத்து நம் பொசிஷனை முடித்துவிட மாட்டாரா என்று நினைக்கிறார்கள். நியாயமான எண்ணம்தான். பெரும்பாலான நாட்களில் நடப்பதும் அதுதான். அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அதற்கு 2015-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கேலோபயோஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு சிறிய மருந்து நிறுவனம் இருந்தது. கையிலிருந்த மருந்துகள் கைகொடுக்கவில்லை, பணமும் தீர்ந்துகொண்டிருந்தது. 2015 நவம்பர் நடுவில், கடையைக் கட்டப்போகிறோம் என்று நிறுவனமே அறிவித்தது. அதற்குப் பிறகு சில நாட்களில் பங்கு விலை ஏறி, 18-ஆம் தேதி சுமார் 2 டாலரில் நின்றது. மூடப்போகும் கம்பெனியின் பங்கு ஏறுகிறது என்றால் ஷார்ட் அடிக்க யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

அரிசோனாவைச் சேர்ந்த ஒரு சிறுதொழில்காரர் அதைத்தான் செய்தார். கணக்கில் சுமார் 37,000 டாலர் வைத்திருந்தார். ஏறத்தாழ 2 டாலர் விலையில் 8,400 பங்குகளை ஷார்ட் செய்தார். அன்று சந்தை முடிந்த பிறகு ஒரு செய்தி வந்தது: மார்ட்டின் ஷ்க்ரெலியும் அவரோடு சேர்ந்த முதலீட்டாளர்களும் கேலோபயோஸின் பங்குகளை வாங்கிக் குவித்துவிட்டார்கள், நிறுவனம் மூடப்படப்போவதில்லை. (டாராப்ரிம் என்ற மாத்திரையின் விலையை 13.50 டாலரிலிருந்து ஒரேயடியாக 750 டாலருக்கு ஏற்றி அதே ஆண்டு ஊர் உலகத்தின் வசவை வாங்கிய அதே ஷ்க்ரெலிதான்.) 2 டாலர் பங்கு, சந்தை நேரத்துக்கு வெளியே நடக்கும் வர்த்தகத்திலேயே பல மடங்கு எகிறியது. நம்மவரின் பொசிஷன் முடிக்கப்பட்டபோது கணக்கில் 37,000 டாலரும் இல்லை. அதற்கு மேல் புரோக்கருக்கு அவர் தர வேண்டியது 1,06,445 டாலர் 56 சென்ட். இணையத்தில் உதவி கேட்டு எழுதினார். பலர் கேலி செய்தார்கள், சிலர் பணம் அனுப்பினார்கள்.

கேலி செய்வது சுலபம். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான், அது அன்றைக்கு எவ்வளவு சாதாரணமான பொசிஷனாகத் தெரிந்திருக்கும் என்பது விளங்கும். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிக்கொள்வோம்.

8,400 பங்குகளை 2 டாலருக்கு விற்றதில் வந்தது 16,800 டாலர். அந்தப் பணம் கணக்கில் தெரியும், ஆனால் எடுத்துச் செலவு செய்ய முடியாது. இரவல் வாங்கிய பங்குக்கு ஈடாக அது அங்கேயே கிடக்க வேண்டும். கூடவே சொந்தப் பணம் 37,000. ஆக மொத்தம் 53,800 டாலர். இதற்கு எதிரே ஒரே ஒரு கடன், 8,400 பங்குகள். அன்றைய விலையில் அதன் மதிப்பு 16,800. கையில் 37,000 வைத்துக்கொண்டு 16,800-க்குத்தான் ஷார்ட் அடித்திருக்கிறார். சொந்தப் பணத்தில் பாதிகூட இல்லை. எந்த அனுபவசாலியிடம் காட்டினாலும் ‘இது ஒன்றும் பேராசை இல்லையே’ என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்போது விலையை ஏற்றிப் பார்ப்போம். 3 டாலர் ஆனால் கடன் 25,200. மொத்தப் பணம் 53,800-லிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 28,600. வலிக்கும், ஆனால் உயிர் இருக்கிறது. 4 டாலர் ஆனால் கடன் 33,600, மிஞ்சுவது 20,200. 6.40 டாலரைத் தொடும்போது கடன் 53,760. அவ்வளவுதான், போட்ட பணம் முழுக்கத் தீர்ந்தது. அதற்கு மேல் விலை ஒவ்வொரு டாலர் ஏறும்போதும் இல்லாத பணத்தில் 8,400 டாலர் போகிறது. 18.50-க்கு வாங்கி முடித்ததாக வைத்தால் கடனை அடைக்கத் தேவை 1,55,400. இருப்பது 53,800. துண்டு விழுவது 1,01,600. நிஜத்தில் அவருக்கு வந்த பில்லை ஏறத்தாழத் தொட்டுவிட்டோம்; வித்தியாசம், வாங்கிய விற்ற விலைகளை நாம் முழுமையாக்கிக்கொண்டதால் வருவது.

சரி, புரோக்கர் என்ன செய்துகொண்டிருந்தார்?

5 டாலருக்குக் குறைவான பங்கை ஷார்ட் செய்தால் அமெரிக்க விதி கடுமையானது. கடனைக் கழித்த பிறகு கணக்கில் மிஞ்சும் சொந்தப் பணம், பங்குக்கு 2.50 டாலர் வீதமாவது இருக்க வேண்டும், அல்லது அந்தப் பங்குகளின் அன்றைய மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டில் எது அதிகமோ அது. இது குறைந்தபட்சம்தான், புரோக்கர் விரும்பினால் கூடுதலாகவும் கேட்கலாம். நம் கணக்கில் இதைப் பொருத்தினால் விலை 3.20 டாலரைத் தொடும்போது கடன் 26,880, மிஞ்சும் சொந்தப் பணம் 26,920. அங்கேதான் கோடு. அதைத் தாண்டினால் ஈட்டுப் பணம், அதாவது மார்ஜின், போதவில்லை, இன்னும் கட்டு என்று மார்ஜின் கால் வரும், கட்டாவிட்டால் புரோக்கரே சந்தையில் பங்கை வாங்கிப் பொசிஷனை மூடுவார்.

3.20-ல் மணி அடிக்கிறது, 6.40-ல்தான் பணம் தீர்கிறது. நடுவே விலை இரட்டிப்பாகும் அளவுக்கு இடைவெளி. பார்க்கப் போனால் தாராளமான பாதுகாப்பு. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: விலை அந்த இடைவெளிக்குள் கொஞ்ச நேரமாவது நிற்கும், அப்போது யாராவது ஒருவர் 8,400 பங்குகளை விற்க முன்வருவார். 3.50-க்கோ 5-க்கோ அன்று வாங்க முடிந்திருந்தால் அவர் நஷ்டத்தோடு வெளியே வந்திருப்பார், கடனோடு அல்ல. விலை அந்த இடைவெளியில் நிற்கவில்லை. ஒரு செய்தியில் அதை மொத்தமாகத் தாண்டிவிட்டது. பொசிஷனை வாங்கி முடித்த விலை 6.40-க்கு வெகு மேலே.

மார்ஜின் என்பது விலை நடந்து போகும் என்று எண்ணிக் கட்டிய வேலி. தாவினால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. ஸ்டாப் லாஸும் அப்படியே. 3 டாலரில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாதாரண ஸ்டாப் ஆர்டர்கள் அங்கே வழக்கமான சந்தை நேரத்தில்தான் வேலை செய்யும், மாலை வர்த்தகத்தில் உறங்கும். மறுநாள் சந்தை திறந்ததும், ‘3 டாலரைத் தாண்டிவிட்டது, கிடைக்கிற விலைக்கு வாங்கு’ என்று அது ஆணையாக மாறும். கிடைக்கிற விலை 10 டாலருக்கு மேல் என்றால் அந்த விலைக்கே வாங்கும். ‘3-க்கு மேல் வாங்காதே’ என்று விலையையும் கட்டிப்போட்டிருந்தால் எதுவுமே வாங்காமல் நிற்கும், விலை மேலே போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாப் லாஸ் என்பது எப்போது கிளம்ப வேண்டும் என்ற குறிப்பு மட்டும். அந்த விலையில் எதிரே ஓர் ஆள் இருப்பார் என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

இந்த இடத்தில், ‘வாங்கியவனுக்கும் இதே தாவல் கீழ்நோக்கி நடக்கலாமே’ என்று கேட்கத் தோன்றும். நடக்கும். ஆனால் வாங்கியவருக்கு விலை எதிராகப் போகப் போக, பணயத்தில் இருக்கும் தொகை சுருங்குகிறது. 100 ரூபாய்ப் பங்கு 50 ஆனபின் இன்னும் பாதியாக விழுந்தால் போவது 25 ரூபாய்தான். ஷார்ட் அடித்தவருக்குத் தலைகீழ். 100 ரூபாய்க்கு விற்ற பங்கு 200 ஆனபின் இன்னொரு முறை இரட்டிப்பானால் அந்த இரண்டாவது அடி மட்டுமே 200 ரூபாய். தோற்கத் தோற்கப் பந்தயத் தொகை தானாக ஏறுகிறது, யாரும் உங்கள் சம்மதத்தைக் கேட்பதில்லை. வாங்கியவர் பொறுத்திருந்து பார்க்கலாம், ஷார்ட் அடித்தவருக்குப் பொறுமையே செலவு. இரவல் பங்குக்குத் தினசரிக் கட்டணம் ஓடும், நடுவில் டிவிடெண்ட் அறிவித்தால் அதையும் பங்கின் சொந்தக்காரருக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேலோபயோஸ் கதையில் என்னை இன்றும் உறுத்தும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. நம்மவருடைய கணிப்பு தவறே இல்லை. 2015 டிசம்பர் 17-ஆம் தேதி ஷ்க்ரெலி கைது செய்யப்பட்டார். வழக்கு அவர் முன்பு நடத்திய முதலீட்டு நிதிகளைப் பற்றியது, இந்த நிறுவனத்தைப் பற்றியது அல்ல. அன்றே கேலோபயோஸ் பங்கின் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. அந்த மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. ‘இந்தக் கம்பெனி தேறாது’ என்று ஷார்ட் அடித்தவர் சொன்னது ஆறே வாரத்தில் உண்மையாகிவிட்டது.

அப்படியானால் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பாரா? அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். செய்தி வந்த அடுத்த சில நாட்களில் அந்தப் பங்கு 40 டாலரை ஒட்டிப் போனது. அந்த விலையில் 8,400 பங்குகளின் கடன் 3,36,000 டாலர். இருந்த 53,800-ஐக் கழித்தால் துண்டு மட்டும் 2,82,200, அதற்கு மேல் விதிப்படி வைக்க வேண்டிய மார்ஜின் வேறு. 37,000 டாலர் வைத்திருந்தவர் எங்கே போவார்? கணிப்பு பலிக்கும்வரை பொசிஷனைத் தாங்கப் பணம் வேண்டும். 18.50-ஐ ஒட்டி முடித்துவிட்டது அன்று கொடுமையாகத் தெரிந்திருக்கும், ஆனால் உச்சத்தைப் பார்த்தால் அதுவே பாதிக்குப் பாதி மிச்சம்.

ஏன் 40 வரை போனது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல பங்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரிவர்ஸ் ஸ்பிளிட் ஆன நிறுவனம் அது, வெளியே இருந்த மொத்தப் பங்குகளே சுமார் 40 லட்சம்தான். அதில் பாதிக்கு மேல் ஒரு கூட்டத்தின் கையில் போய்விட்டது. மீதியில் ஷார்ட் அடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். வாங்க வாங்க விலை ஏறும், ஏறிய விலை அடுத்த ஷார்ட்காரரின் மார்ஜினைத் தின்னும், அவரும் வாங்க வேண்டிவரும். போதாததற்கு ஷ்க்ரெலி, தன்னிடம் உள்ள பங்குகளை இனி இரவலுக்குத் தரமாட்டேன் என்று அறிவித்தார். இரவல் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் சந்தையில் வாங்கித் தந்தே ஆக வேண்டும். இதைத்தான் ஷார்ட் ஸ்குவீஸ் என்கிறோம்.

இதெல்லாம் குட்டிக் கம்பெனிகளின் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வேகனுக்கே இது நடந்தது. உலகமே நிதி நெருக்கடியில் இருக்கிறது, கார் விற்பனை படுத்துக்கிடக்கிறது, இந்தப் பங்கு மட்டும் விலை அதிகமாகத் தெரிகிறது. பெரிய பெரிய ஹெட்ஜ் ஃபண்டுகள் ஷார்ட் அடித்திருந்தன. சில ஃபண்டுகள் ஃபோக்ஸ்வேகனின் முன்னுரிமைப் பங்குகளை வாங்கிக்கொண்டு சாதாரணப் பங்குகளை மட்டும் ஷார்ட் செய்து, இரண்டு பக்கமும் கட்டிவைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தன. அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது: எங்களிடம் 42.6 சதவீதப் பங்குகள் இருக்கின்றன, அதற்கு மேல் 31.5 சதவீதத்தின் விலையை முன்பே பூட்டிவைக்கும் ஆப்ஷன் ஒப்பந்தங்களும் இருக்கின்றன. லோயர் சாக்ஸனி மாநில அரசிடம் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, அது விற்காது. சந்தையில் மிஞ்சியது 6 சதவீதத்துக்கும் குறைவு. ஷார்ட் அடித்துத் திருப்பித் தர வேண்டியதோ அதைப் போல் இரு மடங்கு.

இல்லாத பங்கை எந்த விலைக்கு வாங்குவது? வெள்ளிக்கிழமை 210 யூரோவை ஒட்டி இருந்த பங்கு செவ்வாய்க்கிழமை 1,000 யூரோவைத் தாண்டியது. கொஞ்ச நேரத்துக்கு உலகத்திலேயே மதிப்பு மிக்க நிறுவனம் ஃபோக்ஸ்வேகன்தான். கார் விற்பனையில் ஒன்றும் மாறவில்லை. கடைசியில் போர்ஷேயே 5 சதவீதம் வரை சந்தையில் விடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் விலை இறங்கியது. அறிவிப்பு ஞாயிறன்று வந்ததைக் கவனியுங்கள். திங்கள் காலை சந்தை திறக்கும்வரை எந்தப் பெரிய ஃபண்டாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, பக்கத்தில் எத்தனை நிபுணர்கள் உட்கார்ந்திருந்தாலும்.

ஆக, ஒரு பங்கை ஷார்ட் அடிக்கும் முன் நான் பார்ப்பது அந்தக் கம்பெனி எவ்வளவு மோசம் என்பதை அல்ல. அது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சந்தையில் புழங்கும் பங்குகள் எத்தனை, அதில் ஏற்கெனவே ஷார்ட்டில் இருப்பது எவ்வளவு, தினசரி வர்த்தகத்தை வைத்துப் பார்த்தால் எல்லோரும் வெளியேற எத்தனை நாள் ஆகும், இரவல் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பங்குகளுக்கு ஷார்ட் கணக்கு மாதம் இரண்டு முறை வெளியாகிறது. அதில் எண்ணிக்கை பெரிதாகவும் சந்தையில் புழங்கும் பங்கு சிறிதாகவும் இருந்தால், கதவு குறுகல் என்று அர்த்தம்.

இனி உங்கள் 50,000 ரூபாய்க்கு வருவோம். இந்தியாவில் சில்லறை ஆட்கள் பங்கைக் கடன் வாங்கிப் பல நாள் ஷார்ட் வைப்பது அரிது. அதற்கு எஸ்எல்பி என்ற ஏற்பாடு இருந்தும் அதில் நடமாட்டம் குறைவு. நாம் செய்வது இரண்டே வகை: காலையில் விற்று அன்றைக்குள் வாங்கி முடிக்கும் இன்ட்ராடே, அல்லது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தை விற்பது. இன்ட்ராடே என்றால் ராத்திரிச் செய்தி பயம் இல்லை, அதனால் பாதுகாப்பானது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அங்கே கதவு சாத்துவது வேறு ஒன்று, அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை ஏற வைத்திருக்கும் உச்ச வரம்பு.

50,000 ரூபாய் மார்ஜினுக்கு ஐந்து மடங்கு, அதாவது இரண்டரை லட்சத்துக்கு இன்ட்ராடே ஷார்ட் அடிக்க உங்கள் புரோக்கர் அனுமதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பங்குக்கும் இந்த அளவு கிடைக்காது, ஆனால் கிடைக்கும் உச்சம் இது. 100 ரூபாய்க்கு 2,500 பங்குகளை விற்கிறீர்கள். முந்தைய நாள் முடிவு விலையும் 100, சர்க்யூட் 20 சதவீதம். மத்தியானம் ஏதோ ஆர்டர் கிடைத்த செய்தி வந்து பங்கு 120-ல் போய் ஒட்டிக்கொள்கிறது. திரையில் வாங்குபவர் பக்கம் லட்சக்கணக்கில் நிற்கும், விற்பவர் பக்கம் வெறும் பூஜ்யம். உங்கள் ஸ்டாப் லாஸ், பொசிஷனை முடிக்கப் புரோக்கர் போடும் தானியங்கி ஸ்கொயர் ஆஃப் ஆர்டர், எல்லாமே அந்த நீளமான வரிசையின் வாலில் போய் நிற்கும். சந்தை மூடிவிடும். இந்த நிலையிலேயே பங்குக்கு 20 ரூபாய் வீதம் 50,000 போய்விட்டது, அதாவது வைத்திருந்த ஈடு முழுவதும்.

அப்புறம்தான் ஏலம். நீங்கள் விற்றதை வாங்கியவருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும், உங்களிடம் இல்லை. எக்ஸ்சேஞ்ச் உங்கள் சார்பில் மறுநாள் ஏலத்தில் வாங்கப் பார்க்கும். ஏலத்துக்கென்று தனிச் சந்தை, அங்கே விற்க வருபவருக்கு நீங்கள் மாட்டிக்கொண்டவர் என்று தெரியும், விலையும் அதற்கேற்பத்தான் சொல்வார். ஏலத்திலும் கிடைக்கவில்லை என்றால் குளோஸ் அவுட். விற்ற நாளிலிருந்து ஏல நாள்வரை அந்தப் பங்கு தொட்ட உச்ச விலை, அல்லது ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைப் பணமாகக் கட்ட வேண்டும். மறுநாளும் அந்தப் பங்கு ஏறவே இல்லை, 120-லேயே முடிந்தது என்று வைத்தால்கூட குளோஸ் அவுட் விலை 144. பங்குக்கு 44 ரூபாய் வீதம் 2,500 பங்குகளுக்கு 1,10,000 ரூபாய் நஷ்டம். ஈடு 50,000-ஐக் கழித்தால் இன்னும் 60,000 தர வேண்டும். வேறு கட்டணங்களை நான் சேர்க்கவில்லை.

அந்த 60,000 காற்றில் கரைந்துவிடாது. எக்ஸ்சேஞ்ச் பக்கம் புரோக்கர் உடனே கட்டிவிடுவார், கட்டியே ஆக வேண்டும். உங்கள் கணக்கில் அது மைனஸாக, வட்டியோடு தெரியும். டீமேட்டில் வேறு பங்குகள் இருந்தால் அதை விற்று எடுத்துக்கொள்வார், போதாவிட்டால் வசூலிக்கச் சட்டப்படி வருவார். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவங்களில் இதற்கெல்லாம் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறோம்.

ஃபியூச்சர்ஸில் உள்ள பங்குகளுக்கு இப்படி இறுகிய சர்க்யூட் கிடையாது, எல்லை படிப்படியாக விரியும். ஆகவே வெளியேற வழி பெரும்பாலும் இருக்கும். ஆனால் அது ராத்திரியைத் தாண்டும் பொசிஷன். காலாண்டு முடிவோ கையகப்படுத்தும் செய்தியோ வந்த மறுநாள் காலையில் திறக்கும் விலைதான் உங்கள் விலை. ஒப்பந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு மார்ஜின் கட்டியிருந்தால், 20 சதவீதம் மேலே திறந்தாலே ஈடு காலி.

விலை இறங்கும் என்று உங்களுக்கு உறுதியான எண்ணம் இருந்து, போட்டதற்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்றால் குறித்த விலைக்கு விற்கும் உரிமையைத் தரும் புட் ஆப்ஷனை வாங்குவதுதான் நேரான வழி. 4,000 ரூபாய் பிரீமியம் கொடுத்து வாங்கினால் பங்கு இரட்டிப்பானாலும் பத்து மடங்கானாலும் போவது அந்த 4,000 மட்டும். வாங்கத்தான் வேண்டும், குறித்த விலைக்கு வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனை விற்றால் மறுபடி அதே கூரையில்லாத பள்ளம்தான். ஏற்கெனவே ஃபியூச்சர்ஸ் விற்றிருப்பவர்கள் அதே பங்கில் சற்று உயரமான ஒரு கால் ஆப்ஷனை வாங்கி வைத்தால் அந்த விலைக்கு மேல் நஷ்டம் நின்றுவிடும். இரண்டிலும் பிரீமியம் கரைந்துகொண்டே போகும், குறித்த தேதிக்குள் விலை இறங்காவிட்டால் அது போனதுதான். இன்னொரு சிக்கல், ஆப்ஷன் வர்த்தகம் நம் சந்தையில் இருநூற்றுச் சொச்சம் பெரிய பங்குகளில் மட்டும்தான் உண்டு. சர்க்யூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பங்குகளில் புட்டும் கிடையாது, காலும் கிடையாது. அவற்றில் இன்ட்ராடே ஷார்ட் அடித்தே தீர வேண்டும் என்றால், 20 சதவீத சர்க்யூட்டும் அதற்கு மேல் 20 சதவீத குளோஸ் அவுட்டும் சேர்ந்து விலையில் 44 சதவீதம் என்று மேலே பார்த்தோமே, அதையாவது தாங்கும் அளவுக்குத்தான் எண்ணிக்கை இருக்க வேண்டும். உங்கள் 50,000-க்கு அது 100 ரூபாய்ப் பங்கில் சுமார் 1,100 பங்குகள். புரோக்கரின் திரை 2,500 வரை அடிக்கலாம் என்று காட்டும்.